படித்தாராம்

பிரெஞ்சு நாளிதழ்களில் 'பிய்யே' என்றொரு குட்டிப் பத்தி வரும். அதில் கிண்டல் எப்படி ஒளிந்திருக்கும், ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போது அது தொலையாமல் எப்படிக் கொண்டுவருவது என்பதற்கு நானே ஒரு உதாரணம் கட்டிச் சொல்கிறேன். அமைச்சர் தன்மேல் அதிருப்தியாக இல்லை, அறிக்கை முந்நூறு பக்கம், 'இல் லொரே லு'. கடைசி மூன்று சொற்களுக்கு 'அதை அவர் படித்தாராம்' என்று பொருள்.

'இல் லா லு' என்று எழுதியிருந்தால் வெறுமனே 'படித்தார்', அவ்வளவுதான். 'லொரே' என்று வினையைக் கொஞ்சம் மாற்றினால், 'அப்படிச் சொல்கிறார்கள், நான் பொறுப்பில்லை' என்று ஆகிவிடும். நம் 'ஆம்' விகுதி செய்கிற வேலைதான். முதல் பக்கச் செய்தியில், தீ சமையலறையில் தொடங்கியதாம் என்று இதே வடிவம் வந்தால் அது நேர்மையான எச்சரிக்கை. பத்தியிலோ, ஒரு அமைச்சர் தன் மேசைக்கு வந்த அறிக்கையைப் படித்ததற்கே 'ஆம்' போட வேண்டியிருக்கிறதே என்பதுதான் குத்தல். மொழிப் பயன்பாட்டை ஆராய்ந்த டான் ஸ்பெர்பரும் டெய்ட்ரே வில்சனும் 1981-ல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: கிண்டல் செய்பவர் இன்னொருவர் பேச்சை எதிரொலித்து, அதிலிருந்து தள்ளி நிற்கிறார்.

ஆங்கிலத்தில் இதற்கென்று தனி வினைவடிவம் கிடையாது. 'ஹி வுட் ஹேவ் ரெட் இட்' என்று சொல்லுக்குச் சொல் போட்டால் தொலைந்தது, அதற்கு 'வாய்ப்பிருந்தால் படித்திருப்பார்' என்று பொருள். 'அலெஜட்லி' போட்டால் படித்ததே குற்றம் மாதிரி கோர்ட் வாடை அடிக்கும். மேற்கோள் குறிக்குள் 'ரெட்' என்று போடுவது இன்னும் மோசம், சிரிக்கச் சொல்லி விலாவில் இடிப்பது போல. எனக்குப் பிடித்தது 'ஹி ஹேஸ், வி ஆர் டோல்ட், ரெட் இட்'. யாரோ சொன்னார்கள் என்ற தொனியும் கிடைக்கிறது, முகமும் அசையவில்லை. அந்த 'வி ஆர் டோல்ட்' நடுவில் வருவதுதான் முக்கியம். வாக்கியக் கடைசிக்குத் தள்ளினால் அது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

அப்புறம் அந்த 'அதிருப்தியாக இல்லை'. 'வெரி ப்ளீஸ்ட் வித் ஹிம்செல்ஃப்' என்று அவிழ்த்துவிட்டால் பொருள் சரி, ஆனால் இரண்டு எதிர்மறைகளைத் தாண்டி வாசகர் தானாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடத்துக்கு நாம் கையைப் பிடித்து இழுத்துப் போய்விடுகிறோம். 'நாட் டிஸ்ப்ளீஸ்ட்' என்றே விடலாம், இதை ஆங்கிலம் தாங்கும். ஆனால் எல்லா எதிர்மறைக்கும் இது பொருந்தாது: பிரெஞ்சுக்காரர் 'பா மால்' என்றால் பல நேரம் நல்ல பாராட்டு, அதையே அச்சில் 'நாட் பேட்' ஆக்கினால் சுமார் என்றுதான் படிப்பார்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்க, பிரெஞ்சு தெரியாத ஒருவரிடம் கொடுத்து 'அமைச்சர் அறிக்கையைப் படித்தாரா?' என்று கேளுங்கள். 'ஆமாம்' என்றால் கிண்டல் வந்து சேரவில்லை. 'பத்தி எழுதியவருக்கு அமைச்சர்மேல் பயங்கரக் கோபம்' என்று பதில் வந்தால் நீங்கள் கூடுதலாகப் போட்டுவிட்டீர்கள், ஒரு சொல்லைக் கழற்றிவிட்டு மறுபடி கொடுங்கள்.