வெளிச்சரக்கைத் தடுப்பதா, உள்ளூர்ச் சரக்கை வெளியே விற்பதா?

சுங்கவரியை ஏற்றினால் உள்நாட்டுத் தொழில் வளரும் என்று பலரும் சொல்வார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதி ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது, அதைப் போட்டுப் பார்த்துவிட்டால் வெளியிலிருந்து வாங்கும் சரக்கை வரி போட்டுத் தடுத்து உள்ளூரிலேயே செய்யும் இறக்குமதிப் பதிலீடு, உள்ளூர்ச் சரக்கை வெளியே விற்று வளரும் ஏற்றுமதி வழி வளர்ச்சி என்ற இரண்டு பாதைகளும் எங்கே பிரிகின்றன என்பது தெரிந்துவிடும்.

உலகச் சந்தையில் ஒரு ரேடியோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்கான உதிரிபாகங்கள் எல்லாம் இறக்குமதி, விலை 60. ஆக, பாகங்களைச் சேர்த்து ரேடியோவாக்கும் வேலைக்கு, அதாவது கூலி, வாடகை, லாபம் எல்லாவற்றுக்கும் சேர்த்து, மிஞ்சுவது 40. இப்போது அரசு வெளிநாட்டு ரேடியோவுக்கு 50 சதவீதம் வரி போடுகிறது, பாகங்களுக்கு வரி இல்லை. உள்நாட்டில் ரேடியோ விலை 150 வரை போகலாம், பாகங்கள் அதே 60. மிஞ்சுவது 40 இல்லை, 90! காகிதத்தில் வரி 50 சதவீதம், ஆனால் 40-க்கு மேல் 50 கூடுதலாகக் கிடைப்பதால் அந்தத் தொழிற்சாலைக்குக் கிடைத்த பாதுகாப்பு 125 சதவீதம். வேறு இடத்தில் 40-க்குச் செய்யும் வேலைக்கு இங்கே 90 செலவழித்தாலும் கடை ஓடும். பழகும்வரை இப்படித் தாங்கிப் பிடிப்பதுதான் இறக்குமதிப் பதிலீட்டின் நோக்கம், அதில் தப்பில்லை. ஆனால் பழகி முடித்ததை யார் சோதிப்பது? அதற்கு இந்த ஏற்பாட்டிலேயே வழி இல்லை என்பதுதான் என் பெரிய குறை.

அப்புறம் பாகங்கள் செய்பவரும் பாதுகாப்பு கேட்டு வருவார். அவருக்கும் 50 சதவீதம் கொடுத்தால் பாகங்களின் விலை 90 ஆகிவிடும். உள்ளே 150-க்கு விற்கிறவர் இதைத் தாங்கிக்கொள்வார். அதே ரேடியோவை வெளியே விற்க நினைப்பவருக்குக் கிடைக்கும் விலை 100 மட்டும்தான், மிஞ்சுவது வெறும் 10. இறக்குமதிக்குப் போட்ட வரி ஏற்றுமதியின் கழுத்தை நெரிப்பது இப்படித்தான். இயந்திரங்களும் பாகங்களும் வாங்க டாலர் வேண்டும், டாலர் கொண்டுவரும் ஏற்றுமதி படுத்துவிட்டது என்றால் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தே தீரும். இந்தப் பாதையில் போன பல நாடுகள் முட்டிக்கொண்ட இடம் இது.

சரி, ஏற்றுமதி வழி வளர்ச்சியில் என்ன செய்கிறார்கள்? வரியே இல்லாமல் கதவைத் திறந்துவிடுவது என்று நினைத்தால் தவறு. தென்கொரியா 1960களில் உள்நாட்டுச் சந்தையை நன்றாகவே மூடி வைத்திருந்தது. ஏற்றுமதிக்கான சரக்குக்கு மட்டும் அந்த வேலியில் வழி விட்டார்கள். ரேடியோ கப்பலேறப் போகிறது என்றால் அதற்குள் போகும் பாகங்களுக்கு வரி கிடையாது, நம் கணக்கில் 90 திரும்ப 60 ஆகிவிடும். 1964-இல் நாணய மதிப்பைக் கிட்டத்தட்ட பாதியாகக் குறைத்தார்கள், டாலரில் சம்பாதிப்பவர் கைக்கு உள்ளூர்ப் பணம் கூடுதலாக வந்தது. சரக்கை அனுப்பியதற்கான ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவோம் என்று வெளிநாட்டு வாங்குபவரின் வங்கி உறுதி தந்து அனுப்பும் கடன் கடிதத்தைக் காட்டினால் குறைந்த வட்டியில் கடன் கிடைத்தது. எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு: ஏற்றுமதியாளர் அந்தக் கடன் கடிதத்தை வைத்து, தனக்குப் பாகம் தரும் உள்ளூர்க்காரருக்கு ஓர் உள்நாட்டுக் கடன் கடிதம் எடுத்துக் கொடுக்கலாம். நேரடியாக ஒரு பெட்டிகூட ஏற்றுமதி செய்யாத சிறு பட்டறைக்கும் அதே சலுகைகள் போய்ச் சேர்ந்தன. இறக்குமதியான பாகங்களின் இடத்தை உள்ளூர்ப் பாகங்கள் பிடிக்க இதுவும் உதவியது. பதிலீடு அங்கேயும் நடந்தது, ஆனால் ஏற்றுமதியின் முதுகில் ஏறி நடந்தது.

பழகி முடித்ததை யார் சோதிப்பது என்று மேலே கேட்ட கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது. சலுகை தொடர வேண்டுமானால் சரக்கு வெளியே விற்றாக வேண்டும். உள்நாட்டில் வேறு வழியில்லாமல் வாங்குபவரைப் போல வெளிநாட்டில் வாங்குபவர் மட்டச் சரக்கைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

இந்தப் பாதையிலும் ஓட்டைகள் உண்டு. வரியை முதலில் கட்டிவிட்டு ஏற்றுமதிக்குப் பின் திரும்பப் பெறும் முறை இருந்து, பணம் மாதக்கணக்கில் வராமல் போனால், சிறிய ஏற்றுமதியாளரின் நடைமுறை மூலதனம் மாட்டிக்கொள்ளும். ஒரு ரேடியோவுக்கு இத்தனை பாகம், இவ்வளவு சேதாரம் என்று அரசு வைக்கும் அளவு தாராளமாக இருந்தால், மிச்சப் பாகங்கள் வரி கட்டாமல் உள்ளூர்ச் சந்தைக்கு நழுவும். வாங்கும் நாடுகளில் மந்தம் வந்தால் ஆர்டர் நின்றுவிடும், அதற்கு இங்கே மருந்து கிடையாது. 1995-இல் உலக வர்த்தக அமைப்பு வந்தபின் ஏற்றுமதியோடு முடிச்சுப் போட்ட மானியங்களுக்கு, மிக ஏழை நாடுகள் போன்ற சில விலக்குகள் தவிர, தடை இருக்கிறது, ஆகவே கொரியா கொடுத்த மலிவுக் கடனை இன்று அப்படியே கொடுக்க முடியாது. பாகங்களுக்குக் கட்டிய வரியைத் திருப்பித் தரலாம், ஆனால் கட்டியது 30 என்றால் 30-க்கு மேல் தரக் கூடாது.