பஜ்ஜி எண்ணெய் குடிப்பது சட்டிக்கு வெளியேதான்

கிருஷ்ணகிரியில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், டீக்கடையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டேன், மொறுமொறுவென்று இருந்தது. அரை மணி கழித்து அதே சட்டியிலிருந்து இன்னொரு செட் வாங்கினால் பேப்பரே நனைந்துவிட்டது. மாவும் எண்ணெயும் அதேதான். கூட்டம் சேர்ந்ததும் பத்து போடுகிற இடத்தில் இருபது போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

சட்டியில் மிதக்கும்போதே பஜ்ஜி எண்ணெயைக் குடித்துவிடுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அப்போது எண்ணெய் உள்ளே நுழைவது கஷ்டம். மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே பாய்ந்துகொண்டே இருக்கிறது, நாம் பார்க்கும் குமிழி அதுதான். அந்த ஆவி எண்ணெயை வெளியே தள்ளி நிறுத்துகிறது.

வெளியே எடுத்ததும் கதை மாறுகிறது. பஜ்ஜி ஆற ஆற, மேல்தோலின் நுண்துளைகளில் நிற்கும் ஆவி மறுபடி தண்ணீராகிறது. தண்ணீர் ஆவியானால் கிட்டத்தட்ட 1,600 மடங்கு இடம் பிடிக்கும், திரும்பத் தண்ணீரானால் அந்த இடம் காலியாகிவிடும். உள்ளே அழுத்தம் குறைய, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சு குழல் போல இழுத்துக்கொள்கிறது. நாம் சாப்பிடும் எண்ணெயில் பெரும்பங்கு இப்படி ஆறும்போது போவதுதான்.

அப்படியானால் சூடு எதற்கு? 170 முதல் 180 டிகிரி இருந்தால் மேல்தோல் சீக்கிரம் இறுகும், பஜ்ஜியும் சீக்கிரம் வெந்து வெளியே வரும். ஒரேயடியாக இருபது போட்டால் சூடு சரிந்து, குமிழி சோம்பலாகி, மாவு நெடுநேரம் ஊறுகிறது. போதாததற்கு, சூடு குறைந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் எடுக்கும்போது பஜ்ஜி மேல் தடிமனாக ஒட்டிக்கொண்டு வரும், பிறகு உறிஞ்சப்படுவதும் அதுவேதான். அதற்காகச் சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் எண்ணெய் குறையும் என்று கணக்குப் போடாதீர்கள், வெளியே கருகி உள்ளே மாவாகத்தான் இருக்கும். துளி மாவு விட்டால் கொஞ்சம் அமிழ்ந்து உடனே மேலே வரணும். அடியிலேயே கிடந்தால் சூடு போதாது, விழுந்ததும் சிவந்தால் ஜாஸ்தி.

அப்புறம் வடிப்பது. ஆவி இன்னும் வெளியே வந்துகொண்டிருக்கும் அந்த முதல் சில நொடிகள்தான் முக்கியம். ஜல்லிக்கரண்டியில் எடுத்ததும் சட்டிக்கு மேலேயே பிடித்து நன்றாக உதறினால், எண்ணெய் சூடாக இளகியிருக்கும்போதே வழிந்துவிடும். பிறகு கம்பி வலைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பணும். நம் வழக்கப்படி பேப்பர் விரித்த தாம்பாளத்தில் குவித்தால், அடியில் இருப்பது தன் எண்ணெயோடு மேலே இருப்பதன் எண்ணெயையும் வாங்கிக்கொள்ளும், ஆவி வெளியேற வழியில்லாமல் மொறுமொறுப்பும் போய்விடும். ஆறிய பிறகு பேப்பரில் ஒற்றுவதால் மேலே மிச்சமிருப்பது மட்டும்தான் வரும், உள்ளே போனது வராது.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் செய்யும் நிப்பட்டுக்கு மட்டும் இந்தச் சூட்டுக் கணக்கு பொருந்தாது. தட்டையாக இருப்பதால் உள்வரை காயணும், அதனால் மிதமான தீதான் சரி. அதில் குமிழி அடங்கினால் தண்ணீர் தீர்ந்தது என்று அர்த்தம், எண்ணெயைத் தடுத்து நிறுத்த இனி ஆவி இல்லை, உடனே எடுத்துவிடுங்கள்.