நடுவில் வைத்தும் நடுவில் நிற்காத எழுத்து

கம்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளுக்கு வேர்டில் பட்டியல் அடித்துக் கொடுக்கிறேன் சார். குமுளி தாண்டிப் போவதால் ஊர்ப்பெயர் தமிழிலும் மலையாளத்திலும் வேண்டும். எழுத்தெல்லாம் கட்டத்தின் மேல்கோட்டை ஒட்டியே நிற்கிறது. நடுவில் வைத்தாலும் சற்று மேலே தூக்கினாற்போல்தான் தெரிகிறது. ஏன்?"

முதல் பாதிக்கு விடை எளிது. கட்டத்துக்குள் எழுத்து எங்கே நிற்க வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், வேர்டு அதை மேலே வைக்கும். எக்செல் கீழே வைக்கும். இணையப் பக்க அட்டவணையைப் பிரவுசர் நடுவில் வைக்கும். மூன்றுக்கும் மூன்று பழக்கம். அதோடு, வேர்டு கட்டத்தின் இடமும் வலமும் தானாக 0.19 செ.மீ. ஓரம் விடும், மேலும் கீழும் விடுவது 0. அதனால்தான் கோட்டை ஒட்டி நிற்கிறது. அட்டவணை முழுவதையும் தேர்ந்து, Table Layout பட்டையில் உள்ள ஒன்பது சிறு பொத்தான்களில் Align Center Left என்பதை அழுத்தினால் எழுத்து நடுவுக்கு வந்துவிடும். மேல், கீழ் ஓரம் வேண்டுமானால் பக்கத்திலேயே Cell Margins இருக்கிறது.

இரண்டாம் பாதிதான் எனக்குப் பிடித்தது. வேர்டு நடுவில் வைப்பது நம் கண்ணுக்குத் தெரியும் மையை அல்ல. அந்தப் பத்தி அடைத்துக்கொள்ளும் மொத்த இடத்தை. பத்திக்குக் கீழே விடச் சொல்லியிருக்கும் வெற்றிடமும் அதில் சேர்த்தி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வரிசையின் உயரம் 1.2 செ.மீ., அதாவது 34 பாயின்ட். 12 பாயின்ட் எழுத்தின் ஒரு வரி சுமார் 16 பாயின்ட் உயரம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய வேர்டில் சாதாரணப் பத்திக்குப் பின்னால் 8 பாயின்ட் இடைவெளி உண்டு. புதிதாக அட்டவணை போட்டால் அதை வேர்டே நீக்கிவிடும். ஆனால் வேறு கோப்பிலிருந்து எடுத்து ஒட்டும்போது அது கூடவே வந்துவிடலாம். அப்போது வேர்டின் கண்ணுக்குப் பத்தியின் உயரம் 24. மீதி 10 பாயின்ட்டை மேலே 5, கீழே 5 என்று நேர்மையாகப் பங்கு போடுகிறது. நாம் பார்ப்பதோ மேலே 5, கீழே 13! எழுத்து உண்மையான நடுவிலிருந்து 4 பாயின்ட், கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீட்டர், மேலே நிற்கிறது. Paragraph பெட்டியில் After என்பதை 0 ஆக்குங்கள். மேலே 9, கீழே 9 என்று சரியாகிவிடும்.

இந்த இடத்தில் பலர் எழுத்துக்கு முன்னால் ஒரு என்டர் தட்டி அதைக் கீழே தள்ளுவார்கள். சிஸ்டத்தில் வைரஸ் என்று சொல்லி ஃபார்மட் செய்தவரையும் பார்த்திருக்கிறேன். எலுமிச்சம்பழம் கட்டாததுதான் பாக்கி. Ctrl+Shift+8 அழுத்துங்கள். தேவையில்லாத என்டர் ஒவ்வொன்றும் ¶ என்று காட்டிக்கொடுக்கும். கட்டத்தின் கடைசியில் ¤ என்று ஒரு குறி தெரியும். அதை அழிக்க முடியாது, அதற்கும் எழுத்தளவு உண்டு. காலிக் கட்டத்தில் அது 20 பாயின்ட்டாக இருந்தால் அந்த வரிசை அதற்குக் கீழே சுருங்காது.

சரி, After 0 ஆன பிறகும் தமிழும் மலையாளமும் ஒரே வரிசையில் ஏறி இறங்கித் தெரிந்தால்? எழுத்துருதான் காரணம். 'கி'யின் கொக்கிக்கு மேலே எவ்வளவு இடம், 'மு'வின் சுழிக்குக் கீழே எவ்வளவு இடம் என்று ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஓர் அளவு வைத்திருக்கிறது. தமிழுக்கு ஒன்றும் மலையாளத்துக்கு வேறொன்றும் போட்டால் இரண்டும் அடைக்கும் மொத்த இடம் நடுவில்தான் இருக்கும், அதற்குள் மை வேறு வேறு உயரத்தில் இருக்கும். Nirmala UI எழுத்துருவில் இரண்டு மொழியும் இருக்கின்றன. இரண்டு கட்டத்துக்கும் அதையே போடுங்கள். நம் எழுத்துகளுக்கென்று அளவெடுத்துச் செய்த நல்ல எழுத்துருக்களுக்கு அரசுகள் இன்னும் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம் என்பது என் பழைய புலம்பல்.

கடைசியாக வரிசை உயரம். Table Properties பெட்டியின் Row பகுதியில் 1.2 செ.மீ. என்று கொடுத்ததும் பக்கத்தில் At least, Exactly என்று இரண்டு கேட்கும். Exactly கொடுத்தால் கோப்புக்குள் அது முதல் வரியாகவும், நடுவில் வைத்தது இரண்டாம் வரியாகவும் இப்படிப் பதிவாகின்றன (680 என்பது பாயின்ட்டின் இருபதில் ஒரு பங்கில்):

```
<w:trHeight w:val="680" w:hRule="exact"/>
<w:vAlign w:val="center"/>
```

Exactly கொடுத்தால் வரிசை அசையாது. 'வண்டிப்பெரியாறு' குறுகிய கட்டத்தில் இரண்டு வரியாக மடங்கினால் 32 பாயின்ட். 34க்குள் எப்படியோ அடங்கிவிடும். Cell Margins-ல் மேலும் கீழும் 0.1 செ.மீ. சேர்த்திருந்தால் இன்னும் ஏறக்குறைய 6 பாயின்ட் கூடி, இடம் போதாமல் இரண்டாம் வரியின் அடி வெட்டுப்படும். உங்கள் பட்டியலுக்கு At least போடுங்கள். அந்த ஒரு வரிசை மட்டும் கொஞ்சம் உயரும், ஊர்ப்பெயர் முழுதாக இருக்கும்.