பிழையின் எல்லையை எந்த முனையில் பிடிப்பது?

அக்கா மகள் பயிற்சித்தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். ஒரு சார்பை x = 3-ஐச் சுற்றி இரண்டாம் படி வரை விரித்து, 2.8 முதல் 3.2 வரை பிழை எவ்வளவு என்று மதிப்பிட வேண்டும். தாள் மடிந்த இடத்தில் வர்க்கமூலக் குறியின் மேற்கோடு மறைந்துவிட்டது. அது √x + 1 ஆ, √(x + 1) ஆ? மையப்புள்ளியே துப்புக் கொடுத்தது. 3-ஐப் போட்டால் இரண்டாவது அழகாக 2 தருகிறது. முதலாவதில் √3 வந்து தொல்லை செய்கிறது. அவளும் தாளை விரித்துப் பார்த்து இரண்டாவதுதான் என்றாள்.

விரிவு எளிது. 3-இல் சார்பின் மதிப்பு 2, முதல் வகைக்கெழு 1/4, இரண்டாவது −1/32. இம்மூன்றும் பொருந்தும் பல்லுறுப்புக்கோவை:

P(x) = 2 + (x − 3)/4 − (x − 3)²/64

டெய்லர் இந்த விரிவை 1715-இல் வெளியிட்டார். வெட்டிவிட்ட மீதி எவ்வளவு என்பதற்கு லக்ராஞ்சின் வடிவம் 1797-இல்தான் வந்தது. அதன்படி மீதி:

R(x) = f‴(c)/6 · (x − 3)³

இங்கே c என்பது 3-க்கும் x-க்கும் நடுவே எங்கோ இருக்கும் ஓர் எண். எங்கே என்று தெரியாது. அதனால் அந்த இடைவெளியில் f‴ எடுக்கக்கூடிய மிகப் பெரிய மதிப்பைப் போட்டுவிடுகிறோம்.

அவள் c = 3 என்று வைத்திருந்தாள். f‴(x) = 3/(8(x + 1)^(5/2)) என்பதால் அங்கே 3/256; எல்லை 0.0000156. x = 3.2-இல் P தருவது 2.049375, உண்மையான √4.2 ஏறக்குறைய 2.0493902. பிழை 0.0000152, எல்லைக்குள் இருக்கிறது. அதோடு நிறுத்திவிட்டாள்.

சரி, மறுபக்கம்? 2.8-இல் P தருவது 1.949375, √3.8 ஏறக்குறைய 1.9493589. பிழை 0.0000161. அவள் போட்ட எல்லையைத் தாண்டிவிட்டது! காரணம், f‴-இன் கீழே (x + 1) இருக்கிறது. x குறையக் குறைய f‴ பெருகும். அதனால் மிகப் பெரிய மதிப்பு மையத்தில் இல்லை, இடது முனையான 2.8-இல் இருக்கிறது.

அங்கே போனால் இன்னொரு வேடிக்கை. 3.8^(5/2) வேண்டுமென்றால் √3.8 தெரிய வேண்டும். நாம் தேடுவதே அதைத்தானே! இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. 3.8-ஐவிடச் சிறிய முழு வர்க்கமான 3.61-ஐ எடுத்துக்கொள்ளலாம். அதன் மூலம் 1.9, ஐந்தாம் அடுக்கு 24.76. கீழே இருப்பது சிறுத்தால் பின்னம் பெருகும், எல்லை சற்றுத் தளரும், ஆனால் பொய்க்காது. கணக்கிட்டால் 0.0000202-க்குள் பிழை அடங்கும் என்று வருகிறது. 3.2 பக்கத்தில் f‴ இதைவிடச் சிறியதுதான் என்பதால் முழு இடைவெளிக்கும் இந்த ஒரே எண் போதும்.