பொய்கொட்: ஓர் ஆளின் பெயர் வினையான கதை

போன காலபோக அறுவடையில் கிளிநொச்சிப் பக்கம் எங்கள் கமக்காரர் அமைப்புக்கும் ஒரு நெல் வாங்குபவருக்கும் தகராறு. மூடைக்கு மூடை கழிவு என்று கிலோக் கணக்கில் கழித்துக்கொண்டிருந்தார். கடைசியில் பக்கத்து வயற்கார அண்ணை சொன்னார்: "அவரை நாங்கள் எல்லாரும் பொய்கொட் பண்ணியாச்சு."

அது ஓர் ஆளின் பெயர் என்றேன். அண்ணை நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்திலேயே அந்தச் சொல்லைச் சின்ன எழுத்தில் எழுதிப் பெயரை மறந்துவிட்டார்கள். நமக்கோ பெரிய எழுத்தே கிடையாது.

சார்ல்ஸ் பொய்கொட் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபுவின் நிலங்களைப் பார்த்த முகவர். குத்தகை தண்டுவது அவர் வேலை. 1880 இல் விளைச்சல் மோசம், குத்தகையில் கால்வாசியைக் குறைக்கச் சொல்லிக் குடியானவர்கள் கேட்டார்கள். பிரபு பத்து வீதத்துக்கு மேல் இறங்கவில்லை. செப்டெம்பரில் வெளியேற்ற அறிவித்தல் கொடுக்க ஆள் வந்தபோது ஊர்ப் பெண்கள் விரட்டியடித்தார்கள். சில நாள் முன்புதான் பார்னெல் என்ற தலைவர் எனிஸ் நகரக் கூட்டத்தில் வழி சொல்லியிருந்தார்: இப்படிப்பட்டவரை அடிக்க வேண்டாம், தெருவிலும் கடையிலும் கோயிலிலும் அவரோடு பேசாமல் விட்டுவிடுங்கள்.

அப்படியே நடந்தது. வேலையாட்கள் போய்விட்டார்கள். கொல்லர் வரவில்லை, உடுப்புத் துவைக்க ஆளில்லை, கடையில் சாமான் இல்லை, தபாலும் ஒழுங்காக வரவில்லை. விளைந்தது நிலத்தில் கிடக்கிறது, எடுக்க ஆளில்லை. வெட்டு மெசினுக்குச் சொல்லிவிட்டு முற்றின நெல்லையும் கறுத்த வானத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியும். அயர்லாந்தின் வடக்கிலிருந்து ஐம்பது தொண்டர்கள் வந்து, ஏறக்குறைய ஆயிரம் படையினர் காவல் நிற்க, கிழங்கையும் டேர்னிப்பையும் தோண்டி எடுத்தார்கள். ஐந்நூறு பவுண் பெறாத விளைச்சலுக்குச் செலவு ஏறத்தாழப் பத்தாயிரம் பவுண் என்பார்கள். டிசெம்பர் முதலாம் திகதி பொய்கொட் அயர்லாந்தை விட்டே போனார்.

சொல்லைப் பெற்றுப்போட்டவர் அவ்வூர்ப் பாதிரியார் ஓமலி என்று ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதிவைத்திருக்கிறார். ஒருவரைத் தள்ளிவைப்பதற்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே ஒரு கிரேக்கச் சொல் இருந்தது. அது குடியானவர்களுக்கு விளங்காது, 'பொய்கொட் பண்ணுவது' என்றே சொல்லிவிட்டால் என்ன என்றாராம் பாதிரியார். சில வாரத்திலேயே லண்டன் பத்திரிகைகளில் அது வினைச்சொல்லாகிவிட்டது. சான்விச்சும் ஒரு பிரபுவின் பெயரால் வந்ததுதான், ஆனால் அதற்கடியில் ஓர் ஊரின் பெயர் கிடக்கிறது. சான்விச்சைத் தமிழாக்கப் போனவர்கள் எவரும் கடைக்குப் போய் அந்தத் தமிழ்ப் பெயரில் கேட்டுப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

நம்மிடமும் பெயர் சொல்லாவது உண்டு. வன்னியில் ஒருவரைக் 'காக்கை வன்னியன்' என்றால் விளக்கம் வேண்டாம், பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்தவன் என்ற வாய்வழிக் கதை போதும். ஆனால் அது வசையாகவே நின்றுவிட்டது. வினையாகவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பகிஷ்கரிப்பு' நம் பத்திரிகைகளில் ஊறிய வடசொல், வெளியே ஆக்குதல் என்பது அதன் வேர்ப்பொருள். 1931 இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைத் தவிர்க்கச் சொன்னபோது எழுந்ததும் இந்தப் பேச்சுதான். குடாநாட்டின் நான்கு தொகுதிகளில் அப்போது ஒருவரும் வேட்புமனு கொடுக்கவில்லை. 'புறக்கணிப்பு' தமிழ்ச்சொல். ஆனால் தனியாளும் புறக்கணிக்கலாம், கலியாண வீட்டில் மச்சாள் முகம் திருப்பினாலும் அது புறக்கணிப்புத்தான். பொய்கொட்டில் ஊரே சேர வேண்டும், ஒரு கோரிக்கையும் இருக்க வேண்டும். 'கூட்டுப் புறக்கணிப்பு' என்றால் பாதி சரிவரும்.

'ஊர்விலக்கு', 'தள்ளிவைத்தல்' மட்டும் வேண்டாம். செயல் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் நம் ஊர்களில் அது பெரும்பாலும் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைத் தண்டித்த முறை. மேயோவில் குத்தகைக்காரர் முகவருக்குச் செய்தார்கள். 'பணிப்பகிஷ்கரிப்பு' என்பதும் எனக்கு ஒட்டாது. தன் வேலையை நிறுத்துவது வேலைநிறுத்தம், பொய்கொட் என்பது இன்னொருவரோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது.

நெல்லுக்காரருக்கு அனுப்பிய கடிதத்தில் 'கூட்டுப் புறக்கணிப்பு' என்றுதான் எழுதிக் கொடுத்தேன். பொருளாளர் வெட்டிவிட்டுப் 'பகிஷ்கரிப்பு' என்று போட்டார். அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறதாம்.