தூண்டில் முள் மாதிரி ஒரு மூலக்கூறு: ஆர்னிகாவைத் தடவலாம், ஏன் குடிக்கக் கூடாது?

பாம்பனில் இருக்கும் என் சித்தப்பா மகன், போன மாதம் வள்ளத்திலிருந்து இறங்கும்போது வழுக்கி, தொடை விளிம்பில் மோத விழுந்தான். எலும்புக்கு ஒன்றுமில்லை. மறுநாள் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாக ரத்தம் கட்டியிருந்தது. அப்பத்தா மூசாம்பரத்தை உரைத்துப் பத்துப் போடச் சொன்னார். அவனோ மருந்துக்கடையில் ஆர்னிகா ஜெல்லும், ஹோமியோபதி கடையில் ஆர்னிகா மதர் டிங்சர் குப்பி ஒன்றும் வாங்கி வந்தான்.

"அண்ணே, தடவுனாலே கேக்குதுன்னா, ஒரு ஸ்பூன் குடிச்சா இன்னும் சீக்கிரம் சரியாயிருமில்ல?" என்றபடி மூடியைத் திறந்தான். நான் குப்பியை வாங்கி வைத்துவிட்டேன்.

ஆர்னிகா நம் ஊர்ச் செடி இல்லை. ஐரோப்பிய மலைப் புல்வெளிகளில் மஞ்சள் பூப்பூக்கும் செடி. சூரியகாந்தி, சாமந்தி குடும்பம். அதில் இருக்கும் முக்கியமான சேர்மத்தின் பெயர் ஹெலனாலின். இந்த மூலக்கூறில் தூண்டில் முள்ளைப் போன்ற பகுதிகள் உண்டு. புரதங்களில் கந்தகம் இருக்கும் இடம் கிடைத்தால் அங்கே போய் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் எளிதில் கழலாது.

அடிபட்ட இடத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைந்து ரத்தம் தசைக்குள் கசிகிறது. உடனே அங்குள்ள செல்களில் என்எஃப்-கப்பா பி என்னும் புரதம் முடுக்கப்படுகிறது. வீக்கத்துக்கும் வலிக்கும் காரணமான பொருள்களைச் செய்யச் சொல்லி ஆணையிடுவது இதுதான். ஹெலனாலின் இந்தப் புரதத்தின் கந்தக இடத்தில் மாட்டி, ஆணை போகாமல் தடுக்கிறது. ஆய்வகத்தில் செல்களை வைத்துப் பார்த்ததில் இது தெளிவாகவே தெரிந்திருக்கிறது.

மனிதர்களிடம் முடிவு அவ்வளவு தெளிவாக இல்லை. கை விரல் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. 21 நாள் தடவியதில், ஆர்னிகா ஜெல் ஐபுபுரோஃபென் ஜெல்லுக்குக் குறையாமல் வலியைக் குறைத்தது. ஆனால் ரத்தக்கட்டில் முடிவுகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. உடற்பயிற்சிக்குப் பிறகு வரும் கெண்டைக்கால் வலிக்குத் தடவிப் பார்த்த ஓர் ஆய்வில், மறுநாள் ஆர்னிகா தடவியவர்களுக்கே வலி கூடுதலாக இருந்தது. அதனால் கரைவலை இழுத்துத் தோள் கடுக்கும்போது இதைத் தடவினால் வலி பறந்துவிடும் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

சரி, தடவினால் கேடில்லாதது குடித்தால் ஏன் கெடுக்கிறது? தூண்டில் முள் மீன் பார்த்து மாட்டுவதில்லை. கந்தகம் உள்ள புரதம் உடம்பு முழுவதும் இருக்கிறது. தோலின் மேலடுக்கு வேலி மாதிரி நின்று கொஞ்சத்தை மட்டும், அதுவும் மெல்ல, உள்ளே விடுகிறது. வயிற்றில் அப்படியொரு வேலி கிடையாது. குடல் சுவர் புண்பட்டு வயிற்று வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ரத்தத்தில் கலந்தால் படபடப்பு, இதயத் துடிப்பில் கோளாறு. அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. அப்பத்தாவின் மூசாம்பரமும் இப்படித்தான்: மேலே பத்துப் போடுவோம், உள்ளே போனால் கடுமையான பேதி.

ஹோமியோபதி உருண்டைகளில் 30, 200 என்று எண் போட்டிருப்பவை மிக மிக நீர்க்கச் செய்தவை. செடிச்சத்து ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. மதர் டிங்சர் அப்படியல்ல, அது செடியையே சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாறு. குப்பியின் மேல் பெயர் இரண்டிலும் ஒன்றுதான், அங்கேதான் ஆள் ஏமாறுகிறார்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தோல் வேலி என்றேனே, கடல் தொழில் செய்பவர்களின் கையில் அது பாதி நாள் கிழிந்துதான் இருக்கும். வலைக் கயிறு அறுத்த கோடு, மீன் முள் குத்திய துளை, உப்புத் தண்ணீரில் வெடித்த தோல். அந்த இடத்தில் ஜெல் படக் கூடாது. எரியும், மருந்தும் அளவுக்கு மீறி உள்ளே போகும். பார்த்தீனியம் பட்டால் அரிப்பு எடுப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். அந்தச் செடியிலும் இதே வகைச் சேர்மம்தான் தோலைச் சீண்டுகிறது. முன்கையில் துளி தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு அப்புறம் தொடங்கலாம்.

தம்பிக்குத் தொடையில் சிராய்ப்பு இல்லை. அதனால் ஜெல்லை மட்டும் நாளைக்கு மூன்று வேளை, அழுத்தித் தேய்க்காமல் தடவினான். வீக்கம் கல் மாதிரி இறுகினாலோ, பெரிதாகிக்கொண்டே போனாலோ, கால் மரத்தாலோ ஆஸ்பத்திரி என்று பேசி வைத்திருந்தோம். ஒரு வாரத்தில் கருநீலம் ஓரத்திலிருந்து பச்சையானது, அப்புறம் மஞ்சள். ரத்தத்தின் நிறமியை உடம்பு தானே படிப்படியாக உடைக்கும்போது வரும் நிறங்கள் அவை. ஜெல் அதில் எவ்வளவு உதவியது என்று அவனும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. பத்தாம் நாள் கடலுக்குப் போய்விட்டான்.