38 உம் அல்ல, 23 உம் அல்ல: விலைச் சுட்டெண் அட்டவணையில் பிள்ளைகள் விடும் பிழை

கடந்த ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தரை மணிக்கு, வெள்ளவத்தையில் என்னிடம் உயர்தரப் பொருளியல் படிக்கும் மாணவர் ஒருவர் வட்ஸ்அப்பில் ஓர் அட்டவணையின் படத்தை அனுப்பியிருந்தார். "சேர், 2020ஆம் ஆண்டின் பணவீக்கம் எனக்கு 38 வருகிறது, கூட்டாளிக்கு 23 வருகிறது, புள்ளித்திட்டத்தில் 20 என்று போட்டிருக்கிறார்கள். புள்ளித்திட்டம் பிழையா?" என்பது கேள்வி. புள்ளித்திட்டம் பிழையில்லை. ஆனால் இதே கேள்வி இந்தத் தவணையில் மட்டும் ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்துவிட்டதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குரல் பதிவு அனுப்புவதை விட்டு இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக்காக உருவாக்கப்பட்ட அந்த அட்டவணை இதுதான். உற்பத்தி பில்லியன் ரூபாவில் தரப்பட்டுள்ளது; அடியாண்டு 2018.

| ஆண்டு | பெயரளவு உற்பத்தி | விலைச் சுட்டெண் |
|---|---|---|
| 2018 | 400 | 100 |
| 2019 | 483 | 115 |
| 2020 | 552 | 138 |
| 2021 | 609 | 145 |

38 என்று எழுதியவர் 138இலிருந்து 100ஐக் கழித்திருக்கிறார். அது பிழையான எண் அல்ல. 2018இலிருந்து 2020 வரை இரண்டு ஆண்டுகளில் விலைகள் மொத்தமாக ஏறிய அளவு அது. கேட்கப்பட்டதோ 2020ஆம் ஆண்டின் பணவீக்கம், அதாவது 2019உடன் ஒப்பிட்ட ஏற்றம். இந்தப் பழக்கம் எங்கிருந்து தொற்றுகிறது என்பதும் எனக்குத் தெரியும். 2019க்கு 115இலிருந்து 100ஐக் கழித்தால் 15 சதவீதம் என்ற சரியான விடை வந்துவிடுகிறது. முந்திய ஆண்டே அடியாண்டாக அமைந்ததால் வந்த அதிர்ஷ்டம் அது. அதை முறை என்று நம்பி அடுத்த வரிக்கும் கொண்டுபோனவுடன் கணக்குக் கவிழ்கிறது.

23 என்று எழுதிய கூட்டாளி சரியான இரு ஆண்டுகளைத்தான் எடுத்திருக்கிறார், ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டார். 138க்கும் 115க்கும் இடையிலுள்ள 23 என்பது சுட்டெண் புள்ளி, சதவீதம் அல்ல. அந்த 23ஐ முந்திய ஆண்டின் 115ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 20 சதவீதம் கிடைக்கும். "புள்ளியும் சதவீதமும் ஒன்றுதானே சேர்" என்று வாதாடுபவர்களை நான் ஒரு காரியம் செய்யச் சொல்வதுண்டு: அடியாண்டை 2020ஆக மாற்றிப் பாருங்கள். 2020 இப்போது 100 ஆகிவிடும், 2019 ஏறக்குறைய 83.33 ஆகும். கழித்தால் 16.67 புள்ளிதான் வரும். சந்தையில் ஒரு விலையும் மாறவில்லை, அடியாண்டை மட்டுமே மாற்றினோம், அதற்குள் 23 எப்படி 16.67 ஆனது? ஆனால் 16.67ஐ 83.33ஆல் வகுத்தால் மறுபடியும் அதே 20 சதவீதம் வருகிறது. எந்த ஆண்டை அடியாண்டாக வைத்தாலும் புள்ளி மாறும், விகிதம் மாறாது. தயவுசெய்து இதை ஒரு தடவையாவது உங்கள் கையால் கணித்துப் பாருங்கள்.

உண்மை உற்பத்திக்குச் செய்ய வேண்டியது எளிது: பெயரளவு உற்பத்தியைச் சுட்டெண்ணால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 2019க்கு 420, 2020க்கு 400, 2021க்கு 420 பில்லியன், எல்லாமே 2018ஆம் ஆண்டு விலைகளில். 483இலிருந்து 552க்கு உயர்ந்ததைப் பார்த்து 2020இல் பொருளாதாரம் 14 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது என்று எழுதுபவர், அது உண்மையில் 4.76 சதவீதம் சுருங்கியதைக் கவனிக்கவில்லை. பெயரளவு வளர்ச்சியிலிருந்து பணவீக்கத்தைக் கழிக்கும் குறுக்குவழியில் போனாலும் இங்கே சுருக்கம் 5.71 சதவீதம் என்றே வரும். பணவீக்கம் சிறியதாக இருக்கும்போது மட்டுமே அந்த வழி ஓரளவு பொருந்தும். இது வெறும் பயிற்சிக் கணக்கில் வரும் விசித்திரம் அல்ல. 2022இல் இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தி நடைமுறை விலைகளில் பெருமளவு வீங்கியது, நிலையான விலைகளிலோ 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது.

இனிப் படத்துக்கு வருகிறேன், ஏனெனில் அன்றிரவு முதலில் தடுக்கி விழுந்தவன் நான்தான். புத்தகத்தின் மடிப்பருகே பக்கம் வளைந்திருந்தது, நிழலில் 138இன் கடைசி இலக்கம் 3 போலத் தெரிந்தது. 133 என்று எடுத்துக் கணித்தேன், பணவீக்கம் 15.65 சதவீதம், உண்மை உற்பத்தி 415 பில்லியன் என்று வந்தது. இரண்டுமே நம்பக்கூடிய எண்கள், அதுதான் ஆபத்து. 188 என்று வாசித்திருந்தால் உண்மை உற்பத்தி ஒரே ஆண்டில் 30 சதவீதம் விழுந்ததாகக் காட்டியிருக்கும், அப்போதே சந்தேகம் வந்திருக்கும். புள்ளித்திட்டம் சொன்ன 20 சதவீதத்தைப் பின்னோக்கி எடுத்து, 115ஐ 1.2ஆல் பெருக்கி 138 வந்த பிறகே என் கண் செய்த பிழை பிடிபட்டது. புள்ளித்திட்டம் கையில் இல்லாதவருக்கு அந்த வசதியும் இல்லை.

போதாக்குறைக்கு மூன்றாம் நிரலின் தலைப்பைப் பெருவிரல் மறைத்திருந்தது. அங்கே இருப்பது மொத்த உள்நாட்டு உற்பத்திச் சுருக்கியா, நுகர்வோர் விலைச் சுட்டெண்ணா என்று படத்தை வைத்து எப்படிச் சொல்வது? நுகர்வோர் சுட்டெண்ணில் இறக்குமதிப் பொருட்களின் விலையும் அடங்கும், இங்கே உற்பத்தியாகி ஏற்றுமதியாகும் தேயிலையின் விலை அடங்காது. ஆகையால் உற்பத்தியைச் சுருக்க அது சரியான கருவி அல்ல. அட்டவணையின் மேலும் கீழும் உள்ள சிறிய எழுத்துகளை வெட்டிவிடாதீர்கள். அடியாண்டுக் குறிப்பு வெட்டுப்பட்டாலும் பணவீக்கத்தையும் உண்மை வளர்ச்சி வீதத்தையும் கணிக்க முடியும், ஆனால் அந்த 420 பில்லியன் எந்த ஆண்டின் விலைகளில் என்று உறுதியாக எழுத முடியாது. முதல் வரி வெட்டுப்பட்டால் இரண்டாம் வரியின் பணவீக்கமே போய்விடும். அந்த இடத்தில் 100ஐக் கற்பனை செய்து கழிக்க வேண்டாம்.

இரண்டு வெவ்வேறு படங்களை ஒட்டிக் கணிப்பவர்களுக்கும் ஒரு சொல். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் அடியாண்டு முன்பு 2013, இப்போது 2021. பழைய அட்டவணையின் கடைசி எண்ணையும் புதிய அட்டவணையின் எண்ணையும் நேரே ஒப்பிட்டால், நாட்டில் என்றுமே நடக்காத விலை வீழ்ச்சி ஒன்று உங்கள் தாளில் நடந்துவிடும்.

பெற்றோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாக இருந்து, 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதமானது. "அப்படியென்றால் சாமான் விலை ஏன் இறங்கவில்லை?" என்று ஒரு தாயார் என்னிடம் கோபமாகவே கேட்டார். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவாக இருந்த கூடை 2022 செப்டெம்பரில் 169.80 ரூபாவாகி, 2023 செப்டெம்பரில் ஏறத்தாழ 172 ரூபாவானது. ஏறும் வேகம்தான் குறைந்தது, ஏறிய விலை அங்கேயே நின்றது. எங்கள் அட்டவணையிலும் 2021இல் பணவீக்கம் 20இலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியதைக் கண்டு "விலைகள் வீழ்ச்சியடைந்தன" என்று அந்த மாணவர் எழுதியிருந்தார். சுட்டெண் 138இலிருந்து 145க்கு ஏறியிருப்பது அதே வரியில் கிடக்கிறது.

மறுநாள் காலை அவர் புத்தகத்தை மேசையில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து மறுபடியும் படமெடுத்து அனுப்பினார். 138 தெளிவாகத் தெரிந்தது. பெருவிரல் மறைத்திருந்த தலைப்பு, மொத்த உள்நாட்டு உற்பத்திச் சுருக்கி.